400 யூரோ ஹோட்டல் பில் 43,710 ரூபாய் ஆனது எப்படி? வங்கிக்கு என்ன எழுதினால் பணம் திரும்பும்?

லிஸ்பனில் ஹோட்டல் அறையைக் காலி செய்த அன்று காலை ஐந்தரை மணி. வெளியே டாக்ஸி நிற்கிறது, ஏர்போர்ட்டுக்கு ஓட வேண்டும். ரிசப்ஷனில் இருந்தவர் என் கிரெடிட் கார்டை மெஷினில் செருகினார், ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார், பிறகு மெஷினை என் பக்கம் திருப்பி "பின்" என்றார். நானும் பின் எண்ணைப் போட்டுவிட்டு, ஸ்லிப்பை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பில் 400 யூரோ.

மூன்று வாரம் கழித்து ஸ்டேட்மென்ட் வந்தது. ஹோட்டல் பெயருக்கு நேரே 43,200 ரூபாய். அதன் கீழே இரண்டு சின்ன வரிகள்: 432 ரூபாய், 77 ரூபாய் 76 பைசா. மொத்தம் 43,709.76. அந்த நாட்களில் ஒரு யூரோ 100 ரூபாயை ஒட்டித்தான் இருந்தது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இந்தக் கட்டுரை முழுக்க 100 என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் 40,000 ரூபாய்தானே வர வேண்டும்? மீதி 3,700 சொச்சம் எங்கே போனது?

என் முதல் எண்ணம், வங்கி ஏமாற்றிவிட்டது என்பதுதான். அது முழுக்க சரியில்லை. அந்தக் கோபத்தோடு அப்போதே மெயில் எழுதியிருந்தால் எனக்கு ஒரு ரூபாய்கூட திரும்ப வந்திருக்காது. இந்த மாதிரி புகார்களில் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: பணத்தை எடுத்தவர் ஒருவர், நாம் கேள்வி கேட்பது இன்னொருவரை. அதனால் முதலில் யார் எடுத்தார்கள் என்று பார்த்துவிடலாம். கடிதம் அப்புறம்.

இடையில் கை வைக்கக்கூடியவர்கள் மூன்று பேர்

முதலாவது, கார்டு நெட்வொர்க். அதாவது விசா, மாஸ்டர்கார்டு போன்றவை. கடை யூரோவில் பில் போட்டால், அதை ரூபாயாக மாற்றும் விகிதத்தை நிர்ணயிப்பது இவர்கள். கூகுளில் நீங்கள் பார்க்கும் விகிதத்தைவிட இது சற்றே கூடவோ குறையவோ இருக்கும். ஆனால் பெரிய கொள்ளை இங்கே நடப்பதில்லை.

இரண்டாவது, உங்களுக்கு கார்டு கொடுத்த வங்கி. நெட்வொர்க் மாற்றித் தந்த ரூபாய்த் தொகையின் மேல் வங்கி தன் பங்குக்கு ஒரு சதவீதம் வைக்கும். இதைத்தான் ஃபாரெக்ஸ் மார்க்கப் என்கிறார்கள். இந்தியாவில் சாதாரண கிரெடிட் கார்டுகளில் பரவலாகக் காணப்படும் அளவு 3.5 சதவீதம். இந்த மார்க்கப் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஆக, உண்மையில் நம் கையை விட்டுப் போவது 4.13 சதவீதம். சில கார்டுகளில் 2 சதவீதம், சிலவற்றில் பூஜ்யம். கார்டுக்குக் கார்டு மாறும்.

மூன்றாவது ஆள்தான் நம் கதையின் வில்லன். கடையில் இருக்கும் மெஷின், நீங்கள் வெளிநாட்டு கார்டு நீட்டியிருக்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடும். உடனே, "உங்க ஊர் பணத்திலேயே கட்டலாமே" என்று ரூபாயில் ஒரு தொகையைக் காட்டும். இதன் பெயர் டைனமிக் கரன்சி கன்வர்ஷன். சுருக்கமாக டிசிசி. இதை ஏற்றுக்கொண்டால், யூரோவை ரூபாயாக மாற்றுவது விசாவும் இல்லை, உங்கள் வங்கியும் இல்லை. கடைக்காரரின் வங்கியோ, அதற்குச் சேவை தரும் ஒரு நிறுவனமோதான் மாற்றுகிறது. விகிதத்தையும் அவர்களே வைக்கிறார்கள். அதில் கிடைக்கும் லாபத்தில் கடைக்காரருக்கும் பங்கு போவது உண்டு. ரிசப்ஷனில் இருந்தவருக்கு அந்தப் பட்டன் மேல் அவ்வளவு ஆசை ஏன் என்பது இப்போது புரியும்.

என் விஷயத்தில் ஒரு யூரோவுக்கு 108 ரூபாய் போட்டிருந்தார்கள். 400 யூரோவுக்கு 43,200. அங்கேயே 8 சதவீதம் போய்விட்டது.

சரி, அந்த 432 ரூபாய்? அதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. ரூபாயிலேயே வந்த பில்லுக்கு என் வங்கி எதை மாற்றியது என்று கட்டணம் கேட்கிறது? எதையும் மாற்றவில்லை. ஆனாலும், ரூபாயில் பில் போடப்பட்டிருந்தாலும் கடை வெளிநாட்டில் பதிவானது என்றால் அதற்குத் தனியாக ஒரு கட்டணம் வைத்திருக்கும் வங்கிகள் பல உண்டு. 1 சதவீதம் என்பது அடிக்கடி காணும் அளவு. 43,200-க்கு 1 சதவீதம் 432. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 77.76. ஆக, மாற்றுக் கூலி இரண்டு இடத்தில் கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கடைசிக் கட்டணம் வெளிநாடு போகாதவர்களையும் பிடிக்கும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒரு சாஃப்ட்வேர் சந்தாவையோ, ஹோட்டல் புக்கிங்கையோ ரூபாய் விலை பார்த்துக் கட்டுகிறீர்கள். அந்த நிறுவனம் பணம் வாங்கும் கணக்கு அயர்லாந்திலோ சிங்கப்பூரிலோ பதிவாகியிருந்தால், உங்கள் வங்கிக்கு அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான்.

உங்கள் ஸ்டேட்மென்ட்டில் எது நடந்திருக்கிறது?

இதற்கு ஒரே ஒரு வகுத்தல் போதும். ஸ்டேட்மென்ட்டில் அந்தக் கடைக்கு நேரே இருக்கும் ரூபாயை, கடை பில்லில் இருக்கும் வெளிநாட்டுத் தொகையால் வகுங்கள். கிடைப்பது நீங்கள் உண்மையில் கொடுத்த விகிதம். பிறகு விசா அல்லது மாஸ்டர்கார்டின் இணையதளத்தில் இருக்கும் கரன்சி கால்குலேட்டரைத் திறந்து, அதே நாளின் விகிதத்தைப் பாருங்கள். அங்கே வங்கிக் கட்டணம் எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பூஜ்யம் போட மறக்காதீர்கள். பரிவர்த்தனை கணக்கில் ஏறும் நாள், நீங்கள் ஸ்வைப் செய்த நாளுக்கு ஓரிரு நாள் தள்ளி இருக்கலாம். அதனால் இரண்டு தேதிகளின் விகிதத்தையும் எடுத்து வையுங்கள்.

வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் இருந்தால் புகார் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றரை முதல் நான்கே கால் வரை இருந்தால், அது உங்கள் வங்கியின் மார்க்கப். சில வங்கிகள் மார்க்கப்பைத் தனி வரியாகக் காட்டாமல் மொத்தத் தொகைக்குள் கலந்துவிடும். அப்போது பார்ப்பவருக்கு மோசமான விகிதம் போட்ட மாதிரி தெரியும். வித்தியாசம் ஆறு, எட்டு, பத்து சதவீதம் என்று போனால் டிசிசி மேல் சந்தேகப்படலாம்.

சந்தேகத்தை உறுதி செய்ய இன்னொரு அடையாளம் உண்டு. சாதாரண வெளிநாட்டுப் பரிவர்த்தனை என்றால், ஸ்டேட்மென்ட்டில் ரூபாயோடு சேர்த்து வெளிநாட்டுத் தொகையும், `EUR 400.00` என்பது போல, பெரும்பாலும் அச்சாகியிருக்கும். டிசிசி என்றால் வங்கிக்கு வந்ததே ரூபாய்தான் என்பதால் யூரோ என்ற பேச்சே இருக்காது. ஸ்லிப் கையில் இருந்தால் இன்னும் நல்லது. அதில் `INR` என்று ஒரு தொகையும், மாற்று விகிதமும் இருக்கும். "எனக்கு நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு தரப்பட்டது, நான் ரூபாயைத் தேர்ந்தெடுத்தேன்" என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வாக்கியமும் கீழே இருக்கும். என் ஸ்லிப்பிலும் இருந்தது. நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

உண்மையான நஷ்டம் எவ்வளவு?

கடிதம் எழுதும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஏனென்றால் 3,709 ரூபாய் நஷ்டம் என்று நான் எழுதியிருந்தால், வங்கி அதை ஒரே வரியில் மறுத்திருக்கும்.

ஹோட்டல்காரர் யூரோவிலேயே பில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 40,000 ரூபாய், அதன் மேல் என் கார்டின் மார்க்கப் 3.5 சதவீதம், அதாவது 1,400 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 252. மொத்தம் 41,652. இது நான் கார்டு வாங்கும்போதே ஒப்புக்கொண்ட செலவு. நான் கொடுத்தது 43,709.76. ஆக டிசிசியால் எனக்கு வந்த நஷ்டம் 2,057 ரூபாய் 76 பைசா. மார்க்கப்பே இல்லாத கார்டாக இருந்திருந்தால் மட்டுமே முழு 3,709.76 ரூபாயும் நஷ்டம்.

இரண்டாயிரம் ரூபாய்க்கா இவ்வளவு மெனக்கெடுவது என்று நீங்கள் நினைக்கலாம். அது உங்கள் முடிவு. எனக்குக் கணக்கு சரியாக வராவிட்டால் தூக்கம் வராது. தொழில் அப்படி.

வங்கிக்கு முன் கடைக்கு ஒரு மெயில்

இதைச் செய்யாமல் நேரே வங்கிக்குப் போகாதீர்கள். அன்றைக்கே கவனித்துவிட்டால், அங்கேயே நின்று, அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்துவிட்டு உள்ளூர் நாணயத்தில் திரும்பப் போடச் சொல்லலாம். அதைவிடச் சுலபமான வழி எதுவும் இல்லை.

ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது என்றால் மெயில் போடுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்பது இரண்டாம்பட்சம். முக்கியமானது, "ரூபாயில் கட்டுகிறீர்களா, யூரோவில் கட்டுகிறீர்களா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லையே, ஏன்?" என்று கேட்பது. எனக்கு இரண்டே வரியில் பதில் வந்தது. பணம் தர முடியாது என்றார்கள். கூடவே, வெளிநாட்டு கார்டு என்றால் எங்கள் மெஷின் தானாகவே அந்த நாட்டு நாணயத்துக்கு மாற்றிவிடும் என்றும் எழுதியிருந்தார்கள்.

அவர்களை அறியாமலே எனக்குச் சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளும் இந்த இடத்தில் தெளிவானவை: டிசிசி கட்டாயம் கிடையாது. எந்த நாணயம் என்பதை கார்டுதாரர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்காமல் தானாக மாற்றுவது விதிமீறல். அப்படி நடந்தால் உங்கள் வங்கி கடைக்காரரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். இந்த நடைமுறைக்குத்தான் சார்ஜ்பேக் என்று பெயர். விசாவில் இதற்கென்றே 12.3 என்ற எண்ணில் "தவறான நாணயம்" என்றொரு வகை இருக்கிறது. மாஸ்டர்கார்டில் 4834 என்ற வகைக்குள் டிசிசி புகாரும் வருகிறது. இரண்டிலும் ஏறக்குறைய 120 நாள் கெடு. அது வங்கி செயல்படுவதற்கான கெடு என்பதால், நாம் நான்கு மாதம் காத்திருந்து கடைசி வாரத்தில் எழுதினால் வேலைக்கு ஆகாது.

இங்கே ஒரு நேர்மையான கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். மெஷின் திரையில் இரண்டு தொகையும் தெரிந்து, ரூபாய்தான் புரியுது என்று நீங்களே அந்தப் பட்டனை அழுத்தினீர்களா? அப்படியென்றால் சார்ஜ்பேக் நிற்காது. விகிதம் மோசம் என்பது மட்டுமே காரணமாகாது, ஏனென்றால் அதைத் திரையில் காட்டி உங்கள் சம்மதத்தை வாங்கிவிட்டார்கள். அந்த நிலையில் உங்கள் வங்கி எடுத்த 1 சதவீதத்தைப் பற்றி மட்டும்தான் நீங்கள் கேள்வி கேட்க முடியும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

முதலில், என்ன இருக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். "மோசடி" என்ற வார்த்தை வேண்டாம். ஆப்பில் புகார் பதியும்போது முதலில் கண்ணில் படும் ஆப்ஷன் அதுவாகத்தான் இருக்கும். அதைத் தொட்டால் கார்டை முடக்குவார்கள், நீங்கள் செய்யாத பரிவர்த்தனை என்று விசாரிப்பார்கள், பின் எண் போட்டது நீங்கள்தான் என்று கண்டுபிடித்துப் புகாரை மூடுவார்கள். நீங்கள் செய்த பரிவர்த்தனைதான் இது. தொகையும் நாணயமும்தான் தவறு. "பில் தொகையில் தகராறு" என்ற பிரிவில் போட வேண்டும்.

வங்கியின் குறைதீர்ப்பு மெயில் முகவரி இணையதளத்தில் இருக்கும். கஸ்டமர் கேரில் பேசினால் போதாது. பேசினாலும், புகார் எண்ணை வாங்கிக்கொண்டு அதையே மெயிலில் குறிப்பிடுங்கள். நான் எழுதியதன் சாரம் கீழே. வேறு மாநிலத்தில் இருக்கும் மையத்துக்குப் போகும் என்பதால் நான் ஆங்கிலத்தில் எழுதினேன். வரிசை இதுதான்:

"என் கிரெடிட் கார்டில் (கடைசி நான்கு எண்கள் இவை) இந்தத் தேதியில் லிஸ்பன் ஹோட்டல் ஒன்றில் 400 யூரோ பில் கட்டினேன். ஸ்டேட்மென்ட்டில் 43,200 ரூபாயும், மேலும் 432 ரூபாயும், 77.76 ரூபாயும் ஏறியுள்ளன. அன்றைய நெட்வொர்க் விகிதப்படி 400 யூரோவுக்கு 40,000 ரூபாய். உங்கள் 3.5 சதவீத மார்க்கப்பும் ஜிஎஸ்டியும் சேர்த்தால் 41,652 ரூபாய். கூடுதலாக வசூலிக்கப்பட்டது 2,057.76 ரூபாய்.

எந்த நாணயத்தில் கட்டுவது என்ற தேர்வு எனக்குத் தரப்படவில்லை. மெஷின் தானாக மாற்றும் என்று ஹோட்டலே எழுதிய மெயில் இணைக்கப்பட்டுள்ளது. எனவே, தேர்வு தராமல் நாணயம் மாற்றப்பட்டது என்ற காரணத்தின் கீழ் நெட்வொர்க் விதிப்படி சார்ஜ்பேக் எழுப்பக் கோருகிறேன். சரியான தொகை யூரோவில் மீண்டும் பில் செய்யப்படுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கீழ்க்கண்டவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் தரவும். ஹோட்டலின் வங்கி இந்தப் பரிவர்த்தனையை எந்த நாணயத்தில் உங்களுக்கு அனுப்பியது? மாற்று விகிதத்தை நிர்ணயித்தது யார்? 432 ரூபாய் எந்தக் கட்டணம், கார்டு வழங்கும்போது எனக்குத் தரப்பட்ட விதிமுறை ஆவணத்தின் எந்தப் பக்கத்தில் அது உள்ளது?"

இணைப்பாக ஹோட்டல் பில், ஸ்லிப், ஸ்டேட்மென்ட் பக்கம், நெட்வொர்க் கால்குலேட்டரின் ஸ்கிரீன்ஷாட், ஹோட்டலின் மெயில். ஸ்லிப் தெர்மல் தாளில் இருந்தால் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும்.

அந்தக் கடைசிக் கேள்வி அலங்காரத்துக்கு எழுதியது இல்லை. கார்டு வழங்கும்போது வெளிப்படையாகச் சொல்லாத, வாடிக்கையாளரின் சம்மதம் பெறாத எந்தக் கட்டணத்தையும் கிரெடிட் கார்டில் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட கார்டு வழிகாட்டுதல்களில் சொல்லியிருக்கிறது. பிறகு கட்டணத்தை மாற்றினால், குறைந்தது ஒரு மாதம் முன்பு அறிவிக்க வேண்டும். பில்லை நீங்கள் ஆட்சேபித்தால், 30 நாளுக்குள் விளக்கமும், தேவைப்பட்டால் ஆவணமும் தர வேண்டும். அதனால் உங்கள் கார்டோடு வந்த எம்ஐடிசி என்ற முக்கிய விதிமுறைகள் ஆவணத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். 3.5 சதவீதம் அதில் நிச்சயம் இருக்கும். அதைப் பற்றிப் புகார் சொல்லிப் பயனில்லை. ஆனால் ரூபாயிலேயே நடந்த பரிவர்த்தனைக்கான 1 சதவீதம் அதே ஆவணத்தில் இருக்கிறதா, பிறகு வந்ததா, வந்திருந்தால் உங்களுக்கு அறிவித்தார்களா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இன்னொரு விஷயம். தகராறு முடியட்டும், அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்று பில்லை நிறுத்தி வைக்காதீர்கள். கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். தகராறு தீரும்வரை கட்டணம் விதிக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பு, மோசடி என்று ஆட்சேபித்த பரிவர்த்தனைகளுக்குத்தான். நம்முடையது அந்த வகை அல்ல. மாதத்துக்கு 3.5 சதவீத வட்டி என்றால்கூட 43,710 ரூபாய்க்கு ஒரே மாதத்தில் சுமார் 1,530 ரூபாய். இரண்டாயிரத்தைக் கேட்கப் போய் ஆயிரத்தைந்நூறை இழப்பது நல்ல கணக்கு இல்லை.

வங்கி என்ன பதில் சொல்லும்?

ஆறாம் நாள் எனக்கு வந்த பதில் இது: மாற்று விகிதத்தை கார்டு நெட்வொர்க் நிர்ணயிக்கிறது, வங்கிக்கு அதில் பங்கு இல்லை, புகார் முடித்து வைக்கப்படுகிறது.

யாரோ ஒருவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பதில் என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டிசிசி பரிவர்த்தனையில் நெட்வொர்க் எதையும் நிர்ணயிப்பதில்லை. இப்படி ஒரு பதில் வந்தால் உங்கள் கடிதத்தை யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். சோர்ந்துபோக வேண்டாம். இந்தப் பதிலே அடுத்த கடிதத்துக்கான பிடி. அடுத்த கட்டமாக வங்கியின் முதன்மை நோடல் அதிகாரிக்கு நான்கு வரி எழுதினேன். பரிவர்த்தனை ரூபாயில் அனுப்பப்பட்டது என்பது உங்கள் ஸ்டேட்மென்ட்டிலேயே தெரிகிறது, அப்படியிருக்க நெட்வொர்க் எந்த நாணயத்தை எதற்கு மாற்றியது, சார்ஜ்பேக் கோரிக்கைக்குப் பதில் எங்கே, என் புகாரை நிராகரிக்கும் முன் உங்கள் உள்குறைதீர்ப்பாளர் பார்த்தாரா என்று கேட்டேன்.

கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. புகாரை முழுதாகவோ பகுதியாகவோ நிராகரிப்பதென்றால், இறுதிப் பதில் தரும் முன் அதை உள்குறைதீர்ப்பாளரின் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்பது பெரிய வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதி. இந்தப் பெயரைக் குறிப்பிட்டதும் மெயில் வேறு ஒரு மேஜைக்குப் போய்விடும் என்பது என் அனுபவம்.

30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். `cms.rbi.org.in` தளத்தில் பதியலாம், கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 14448 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். வங்கிக்கு எழுதாமல் நேரே அங்கே போனால் புகாரை ஏற்க மாட்டார்கள். வங்கிக்கு நீங்கள் அனுப்பிய மெயிலும் அவர்கள் பதிலும் அங்கே இணைக்க வேண்டியவை.

அங்கே எதை எதிர்பார்க்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். 3.5 சதவீதம் அநியாயம், 2 சதவீதமாகக் குறைக்கச் சொல்லுங்கள் என்று கேட்க முடியாது. கட்டணம் எவ்வளவு வைப்பது என்பது வங்கியின் வணிக முடிவு, குறைதீர்ப்பாளர் அதில் தலையிட மாட்டார். லிஸ்பன் ஹோட்டல் மேல் ரிசர்வ் வங்கிக்கு எந்த அதிகாரமும் இல்லை. அறிவிக்காமல் கட்டணம் எடுத்தார்கள், ஆதாரம் கொடுத்தும் சார்ஜ்பேக் எழுப்பவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் தரவில்லை என்பவைதான் அங்கே எடுபடும். அதனால்தான் முதல் கடிதத்திலேயே அந்தக் கேள்விகளைப் பிரித்துப் பிரித்துக் கேட்டது.

என் பணம் என்ன ஆனது?

குறைதீர்ப்பாளர் வரை போகத் தேவைப்படவில்லை. முதல் மெயில் அனுப்பிய 24-ஆம் நாள், 43,200 ரூபாய் தற்காலிகமாக வரவு வைக்கப்பட்டதாக மெசேஜ் வந்தது. முழுத் தொகையும் வந்ததைப் பார்த்துக் கொண்டாடிவிடாதீர்கள். இந்த வகை சார்ஜ்பேக்கில், கடை சரியான தொகையை உள்ளூர் நாணயத்தில் மீண்டும் பில் செய்ய வழி இருக்கிறது. அந்தப் பணத்தைத் தொடாமல் விட்டு வைத்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்து ஹோட்டல் 400 யூரோவுக்கு மறுபடி பில் போட்டது. இந்த முறை ஸ்டேட்மென்ட்டில் `EUR 400.00` என்று தெளிவாக இருந்தது. இடையில் யூரோ கொஞ்சம் ஏறியிருந்ததால் 40,240 ரூபாய், அதன் மேல் மார்க்கப்பும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,661.91 ரூபாய். நான் எதிர்பார்த்ததைவிட 250 ரூபாய் கூடுதல். நாணயம் மாறும் நாளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

ஆனால் பழைய பில்லின் மேல் வங்கி எடுத்த 432 ரூபாயும் அதன் ஜிஎஸ்டியும் திரும்பவில்லை. பரிவர்த்தனையே ரத்தாகிவிட்ட பிறகு அதன் மேலான கட்டணம் மட்டும் எப்படி நிற்கும்? சிஸ்டம் அதைத் தானாகத் திருப்பவில்லை, கேட்க வேண்டியிருந்தது. அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரி மெயில் போட்டேன். ஒன்பதாம் நாள் 509 ரூபாய் 76 பைசா வந்தது.